ராக் அண்ட் ரோலின் எந்த அங்கம் எந்த வீட்டிலிருந்து வந்தது?

ரிதம் அண்ட் ப்ளூஸ், கண்ட்ரி, காஸ்பெல் மூன்றும் கலந்து ராக் அண்ட் ரோல் பிறந்தது என்று ராக் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் எது எதோடு, எந்த இடத்தில், எப்படிக் கலந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அதனால் படிக்கிறவர் மனதில் ஒரு தவறான கணக்கு தங்கிவிடுகிறது: கறுப்பினத்தவரின் ப்ளூஸையும் வெள்ளையரின் கண்ட்ரியையும் கூட்டினால் எல்விஸ் பிரெஸ்லி. இந்தக் கணக்கில் காஸ்பெல் காணாமல் போகிறது. கறுப்பினக் கலைஞர்களும் கண்ட்ரியிலிருந்து எடுத்தார்கள் என்பதும் காணாமல் போகிறது.

பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் மூக்கு தாத்தாவுடையது, கண் அத்தையுடையது என்று பிரித்துச் சொல்வார்கள். எல்லா உறவும் எல்லா உறுப்பிலும் சம பங்காகக் கலந்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. 1954 முதல் 1956 வரை வந்த ராக் அண்ட் ரோல் பாடல்களையும் அப்படிப் பார்ப்பதுதான் சரி. ஒரு பாடலை எடுத்துக்கொண்டு நான்கு கேள்விகள் கேட்கலாம். தாள ஓட்டம் யாருடையது? பாட்டின் கட்டுமானம் யாருடையது? குரல் எங்கே பழகியது? கதை சொல்லும் விதம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு பாடலுக்கும் விடை மாறும். அந்த மாற்றம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

## முதலில் மூன்று வீடுகள்

ரிதம் அண்ட் ப்ளூஸ் என்பது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் ஆடிய நடன இசை. பெரிய ஜாஸ் குழுக்களை வைத்துக் கட்டுப்படியாகாமல் போனபோது ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுக்கள் அந்த இடத்தைப் பிடித்தன: ஒரு டெனர் சாக்ஸபோன், பியானோ, நின்றுகொண்டு வாசிக்கும் டபுள் பாஸ், டிரம்ஸ், சில நேரம் எலெக்ட்ரிக் கிடார். லூயி ஜோர்டனின் குழு இதற்கு முன்மாதிரி. பில்போர்டு பத்திரிகை இந்த இசைத்தட்டுகளின் விற்பனைப் பட்டியலுக்கு 1949 வரை 'இன இசைத்தட்டுகள்' என்று தலைப்பிட்டிருந்தது. அந்த ஆண்டு ஜூனில்தான் அதை 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று மாற்றினார்கள்.

இந்த இசையிடமிருந்து இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, பன்னிரண்டு பார் ப்ளூஸ். பார் என்பது நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சிறு சுற்று. கார்ட் என்பது சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்க வைப்பது. ஸட்ஜமத்தில் நிற்கும் கார்டில் நான்கு பார், மத்யமத்தில் இரண்டு, திரும்ப ஸட்ஜமத்தில் இரண்டு, பஞ்சமத்தில் ஒன்று, மத்யமத்தில் ஒன்று, கடைசியாக ஸட்ஜமத்தில் இரண்டு. மொத்தம் பன்னிரண்டு. பாடகர் பெரும்பாலும் ஒரு வரி பாடி, அதையே இன்னொரு முறை பாடி, மூன்றாவது வரியில் முடிச்சை அவிழ்ப்பார்.

இரண்டாவது, ஷஃபிள். 'தகிட தகிட தகிட தகிட' என்று திஸ்ர நடையில் சொல்லிக்கொண்டே போங்கள். இப்போது 'கி'யை மட்டும் விழுங்கிவிட்டு 'த…ட த…ட' என்று சொல்லுங்கள். அந்த நொண்டியடிக்கும் துள்ளல்தான் ஷஃபிள். அன்றைய ரிதம் அண்ட் ப்ளூஸ் பெரும்பாலும் இதில்தான் ஓடியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதை ஒரு பியானோக்காரர் உடைக்கப் போகிறார்.

கண்ட்ரி, தென் மாநில வெள்ளை கிராமத்தாரின் இசை. ஃபிடில், பாஞ்சோ, கிடார், ஸ்டீல் கிடார் அதன் வாத்தியங்கள். டிரம்ஸ் அங்கே வேண்டாத விருந்தாளி. நாஷ்வில்லிலிருந்து வானொலியில் ஒலிபரப்பான 'கிராண்ட் ஓலே ஆப்ரி' என்ற கண்ட்ரி நிகழ்ச்சியின் மேடை வெகுகாலம் அதை ஒதுக்கியே வைத்திருந்தது. தாளத்தைக் கிடாரும் பாஸும் பார்த்துக்கொண்டன: ஒன்று, மூன்று எண்ணிக்கைகளில் கீழ்த்தந்தியில் ஒரு 'பூம்', இரண்டிலும் நான்கிலும் எல்லாத் தந்திகளையும் வருடி ஒரு 'சிக்'. பாடல் பெரும்பாலும் ஆரம்பமும் முடிவும் உள்ள ஒரு கதை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழ வேண்டும்.

காஸ்பெல் தேவாலய இசை. கறுப்பின பெந்தகோஸ்தே சபைகளில் டிரம்ஸ், டாம்பரின், கிடார் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. போதகர் ஒரு வரி சொன்னால் சபை பதில் சொல்லும். இதற்கு அழைப்பும் பதிலும் என்று பெயர். உணர்ச்சி ஏறும்போது குரல் கரகரக்கும், உடையும், ஓர் எழுத்தை ஐந்தாறு ஸ்வரங்களில் இழுக்கும், திடீரென்று உச்சத்தில் ஒரு 'ஊ' போடும். கைதட்டல் விழும் இடமும் வேறு. ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு என்று எண்ணிக்கொண்டே தட்டினால் நமக்குக் கை தானாக ஒன்றிலும் மூன்றிலும் விழும். அங்கே இரண்டிலும் நான்கிலும் விழும். இந்த இரண்டு, நான்காம் எண்ணிக்கைகளின் அழுத்தத்துக்குப் பேக்பீட் என்று பெயர். ராக் டிரம்ஸில் ஸ்னேர் என்ற சிறு டிரம்மின் அடி விழுவதும் இதே இடத்தில்தான்.

சுருக்கமாக: ரிதம் அண்ட் ப்ளூஸ் பன்னிரண்டு பார் கட்டுமானத்தையும் துள்ளல் நடையையும் வைத்திருந்தது. கண்ட்ரியிடம் 'பூம்-சிக்' ஓட்டமும் கதையும் இருந்தன. காஸ்பெல்லிடம் குரலும் கைதட்டலும் இருந்தன. எல்லை இவ்வளவு சுத்தமாக இருக்கவில்லைதான். சிஸ்டர் ரோசெட்டா தார்ப் எலெக்ட்ரிக் கிடாரோடு பாடிய ஒரு காஸ்பெல் இசைத்தட்டு 1945லேயே 'இன இசைத்தட்டு' பட்டியலில் ஏறியிருக்கிறது. ஆனாலும் ஆரம்பிக்க இந்தப் பிரிவினை போதும்.

## சுவரைத் தாண்டிய வானொலி

தென் மாநிலங்களில் பள்ளி, பேருந்து, தேவாலயம், நடன அரங்கு எல்லாம் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. வானொலி அலையை அப்படிப் பிரிக்க முடியவில்லை. மெம்பிஸில் டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையம் 1949 வாக்கில் முழுக்கக் கறுப்பின நேயர்களுக்கான நிலையமாக மாறியது. நாஷ்வில்லின் டபிள்யூ.எல்.ஏ.சி. 50,000 வாட் சக்தியில் இரவெல்லாம் ரிதம் அண்ட் ப்ளூஸ் ஒலிபரப்பியது. மத்திய அலை இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் பகலை விடப் பல மடங்கு தூரம் போகும். அதனால் பல மாநிலங்கள் தள்ளியிருந்த வெள்ளைப் பையன்களின் படுக்கையறை வரை அது எட்டியது. எதிர்த்திசையிலும் இதே கதைதான். சனிக்கிழமை இரவு கிராண்ட் ஓலே ஆப்ரி கறுப்பின வீடுகளிலும் ஒலித்தது. ரே சார்ல்ஸ் சிறு வயதில் அதைக் கேட்டு வளர்ந்தவர். 1940களின் இறுதியில் ஃப்ளோரிடாவில் ஒரு வெள்ளைக் கண்ட்ரி குழுவில் பியானோவும் வாசித்திருக்கிறார்.

## மெம்பிஸ், ஜூலை 1954: ஒரே தட்டு, இரண்டு பக்கம்

கலப்பு எப்படி நடந்தது என்பதை மிகத் தெளிவாகக் காட்டும் தட்டு, சன் நிறுவனம் 209ஆம் எண்ணில் வெளியிட்டது. யூனியன் அவென்யூ 706ஆம் எண்ணில் இருந்த சாம் ஃபிலிப்ஸின் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் அது பதிவானது. பி.பி. கிங், ஹவுலிங் வுல்ஃப் போன்ற ப்ளூஸ்காரர்கள் ஏற்கெனவே பாடிவிட்டுப் போன அறை அது.

1954 ஜூலை 5 மாலை அங்கே இருந்த வாத்தியக்காரர்கள் மூன்று பேர். 19 வயது எல்விஸ் சாதாரண கிடாரோடு. ஸ்காட்டி மூர் எலெக்ட்ரிக் கிடாரில். பில் பிளாக் டபுள் பாஸில். டிரம்ஸ் கிடையாது. மெதுவான காதல் பாட்டுகளை முயன்று பார்த்தார்கள், ஒன்றும் ஒட்டவில்லை. இடைவேளையில் எல்விஸ் விளையாட்டாக 'தட்ஸ் ஆல் ரைட்' பாடலை எடுத்தார். அது ப்ளூஸ் பாடகர் ஆர்தர் கிரடப் 1946ல் பதிவு செய்தது. மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த ஃபிலிப்ஸ், முதலிலிருந்து திரும்ப எடுக்கச் சொன்னார்.

நான்கு கேள்விகளையும் இங்கே கேட்டுப் பார்க்கலாம். பாட்டின் கட்டுமானமும் சொற்களும் கிரடப்புடையவை, அதாவது ப்ளூஸ். கிரடப்பின் பதிவில் டிரம்ஸ் உண்டு, நடை தரையில் அழுந்தி நடக்கும். எல்விஸின் பதிவில் டிரம்ஸ் இருந்த இடத்தைச் சாதாரண கிடாரின் வருடலும் பாஸும் பிடித்துக்கொள்கின்றன. அது கண்ட்ரி குழுவின் பழக்கம். மூரின் கிடாரும் அந்த வீடுதான்: கட்டைவிரல் கீழ்த்தந்திகளில் தாளம் தட்ட, மற்ற விரல்கள் மேலே மெட்டை வாசிக்கும். மெர்ல் டிராவிஸ், செட் அட்கின்ஸ் வழியாக வந்த பாணி அது. ஆக, உடல் ப்ளூஸ், கால் கண்ட்ரி.

பில் பிளாக் செய்ததை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலர் அந்தத் தட்டில் டிரம்ஸ் கேட்டதாகவே நினைக்கிறார்கள். டபுள் பாஸின் தந்தியை விரலால் வெளிப்பக்கம் இழுத்து விட்டால், ஸ்வரம் ஒலிக்கும்போதே தந்தி மரப்பலகையில் மோதி ஒரு 'டக்' சத்தம் வரும். அடுத்த கணம் உள்ளங்கையால் தந்திகளைப் பலகையோடு சேர்த்து அறைந்தால் ஸ்வரம் இல்லாத வெறும் 'டப்' கேட்கும். இழுப்பு ஒன்றிலும் மூன்றிலும், அறை அவற்றுக்கு இடையில். ஒரே ஆள் பாஸும் வாசித்து, பேக்பீட்டும் கொடுத்துவிடுகிறார். ஸ்லாப் பாஸ் என்று சொல்வது இதைத்தான்.

தட்டுக்கு மறுபக்கம் வேண்டுமே. சில நாள் கழித்து அவர்கள் எடுத்தது 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி'. கண்ட்ரியின் ஒரு கிளையான ப்ளூகிராஸ் இசையின் தந்தை என்று போற்றப்படும் பில் மன்றோவின் பாட்டு. மூலம் மெதுவான வால்ட்ஸ், ஒரு சுற்றுக்கு மூன்று எண்ணிக்கை. அதை நான்காக மாற்றினார்கள். வேகத்தைக் கூட்டினால் மட்டும் மூன்று நான்காகிவிடாது. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் எண்ணிக்கை கூடுதலாக வந்து நிற்கும், அதை எதையாவது வைத்து நிரப்ப வேண்டும். எல்விஸ் சொற்களை உடைத்தும், திக்கியும், திரும்பச் சொல்லியும், விக்கல் மாதிரி குரலை மேலே தூக்கியும் நிரப்பினார். ப்ளூஸ் பாடகரின் உச்சரிப்பு கண்ட்ரி பாட்டுக்குள் நுழைந்தது இந்தக் கூடுதல் எண்ணிக்கை வழியாகத்தான். இன்னும் மெதுவாகப் பாடிய ஒரு முந்தைய முயற்சி ஒலிநாடாவில் தப்பியிருக்கிறது. அதையும் வெளியான பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால், பாட்டு உரு மாறுவது காதிலேயே தெரியும்.

இந்தப் பக்கத்தில் கேட்கும் இரட்டைச் சத்தம் ஸ்லாப்பேக் எதிரொலி. ஒலிநாடா இயந்திரத்தில் பதிவு செய்யும் தலையும் திரும்ப ஒலிக்கும் தலையும் சற்றுத் தள்ளி இருக்கும். பதிவான ஒலி அந்த இடைவெளியைக் கடந்து வர ஒரு நொடியின் சிறு பகுதி ஆகும். தாமதமாக வரும் அந்த ஒலியை மூல ஒலியோடு சேர்த்தால் ஒரே ஒரு எதிரொலி கிடைக்கும். இடைவெளி 2 அங்குலம், நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்று வையுங்கள்: தாமதம் 0.13 நொடி. மூன்று பேர் வாசிப்பது ஐந்து பேர் வாசிப்பது போல் அடர்த்தியாகும், தாளத்துக்கும் ஓர் உதறல் கிடைக்கும். நாடாவின் வேகத்தைப் பாதியாக்கினால் தாமதம் 0.27 நொடி. அப்போது எதிரொலி அடுத்த சொல்லின் மேல் ஏறி மிதிக்கும், வேகமான பாட்டு குழம்பிவிடும். 1956 ஜனவரியில் எல்விஸ் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்காக முதல் முறை பதிவு செய்யப் போனபோது அங்கிருந்த பொறியாளர்களுக்கு இந்தச் சத்தம் பிடிபடவில்லை. கட்டிடத்தின் நடைவழியில் ஒலிபெருக்கியும் மைக்கும் வைத்து எதிரொலி எடுத்தார்கள். கிடைத்தது குகைக்குள் பாடுவது போன்ற வேறொரு சத்தம்.

தட்டு ஜூலை 19ல் வெளிவந்தது. அதைப் பார்த்த பிறகு பில் மன்றோ தன் பாட்டைத் திரும்பப் பதிவு செய்தார். முதல் பாதி பழைய மூன்று எண்ணிக்கையில் நடக்கிறது, பாதியில் நான்குக்குத் தாவி ஓடுகிறது. கொடுத்த வீடே கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

சுருக்கமாக: ஒரு பக்கத்தில் ப்ளூஸ் பாட்டு கண்ட்ரி வாத்தியங்களோடு. மறுபக்கத்தில் கண்ட்ரி பாட்டு ப்ளூஸ் உச்சரிப்போடு. இந்தக் கலப்புக்கு ராக்கபிலி என்று பெயர் வந்தது. காஸ்பெல்லுக்கு இந்தத் தட்டில் பங்கு குறைவு.

## எதிர்த்திசையில்: 'மேபலீன்'

செயின்ட் லூயிஸ்காரரான சக் பெர்ரி, கறுப்பின ரசிகர்கள் நிறைந்த கிளப்பில் வெள்ளையரின் கிராமத்துப் பாட்டுகளை வாசித்துப் பேர் வாங்கியவர். 1955ல் சிகாகோவின் செஸ் நிறுவனத்துக்கு அவர் கொண்டுபோனவற்றில் தன் ப்ளூஸ் பாட்டுதான் எடுபடும் என்று எதிர்பார்த்தார். லெனர்ட் செஸ்ஸுக்குப் பிடித்ததோ, 'ஐடா ரெட்' என்ற பழைய ஃபிடில் மெட்டின் சாயலில் இருந்த இன்னொன்று. பெயரை மாற்றி மே 21ல் அதைப் பதிவு செய்தார்கள்.

அதன் கட்டுமானத்தைக் கவனியுங்கள். பல்லவி அச்சு அசலான பன்னிரண்டு பார் ப்ளூஸ். ஆனால் சரணம் வந்ததும் கார்ட் மாறுவதே இல்லை, ஸட்ஜமத்திலேயே நின்றுவிடுகிறது. அதன் மேல் பெர்ரி ஒரு கார்த் துரத்தலை வேகவேகமாக, ஒரு சொல் விடாமல் புரியும்படி சொல்லிக்கொண்டு போகிறார். கதை சொல்லுக்கு வழிவிட்டு இசை ஓரமாக நிற்பது கண்ட்ரியின் வழக்கம். கீழே ஓடுவதும் ஷஃபிள் அல்ல, 'பூம்-சிக்'தான். கிடாரின் சத்தம் மட்டும் ப்ளூஸ் வீட்டுடையது: ஆம்ப்ளிஃபையரைத் திணறவைத்து, இரண்டு தந்திகளைச் சேர்த்து வளைத்து வாசிப்பது. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதல் இடம், பொதுப் பட்டியலில் முதல் ஐந்து இடங்களுக்குள்ளும் வந்தது. கறுப்பினக் கலைஞர் கண்ட்ரியிலிருந்து எடுத்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

## காஸ்பெல் எங்கே நுழைந்தது

குரல் வழியாகத்தான். தேவாலயத்தில் பழகிய குரலை உலக விஷயத்துக்குப் பயன்படுத்துவது சபையினர் பார்வையில் பாவம். 1954 நவம்பரில் ரே சார்ல்ஸ் அட்லாண்டாவில், ஒரு வானொலி நிலையத்தின் கூடத்தில் 'ஐ காட் அ வுமன்' பதிவு செய்தபோது அந்தக் கோட்டைத் தாண்டினார். பயணத்தில் வானொலியில் கேட்ட ஒரு காஸ்பெல் பாட்டுதான் மூலம். மெட்டின் போக்கும் எழுச்சியும் அப்படியே இருந்தன. இயேசு இருந்த இடத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். கட்டுமானம்கூடப் பன்னிரண்டு பார் அல்ல, தேவாலயப் பாட்டுகளில் வரும் பதினாறு பார். சாக்ஸபோன்கள் சபையின் இடத்தில் நின்று பதில் சொல்கின்றன. மூத்த ப்ளூஸ் பாடகர் பிக் பில் பிரூன்ஸியே, இது ப்ளூஸையும் ஜெபப் பாட்டையும் போட்டுக் குழப்புவது என்று முகம் சுளித்தார்.

இதை ரிதம் அண்ட் ப்ளூஸ் என்றுதான் சொல்ல வேண்டும், இன்னும் ராக் அண்ட் ரோல் ஆகவில்லை. அந்தக் குரலை வேறொரு நடையில் ஏற்றியவர் லிட்டில் ரிச்சர்ட்.

1955 செப்டம்பர் 14, நியூ ஆர்லியன்ஸில் காஸிமோ மடாஸாவின் ஒலிப்பதிவுக் கூடம். ரிச்சர்ட் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் ஊர்க்காரர், தேவாலயங்களில் பாடி வளர்ந்தவர். அவரது உச்ச 'ஊ' பெண் காஸ்பெல் பாடகர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. பதிவில் எதுவும் சூடு பிடிக்காமல் நேரம் போய்க்கொண்டிருந்தது. இடையில் அவர் பியானோவில் உட்கார்ந்து, இரவு விடுதிகளில் பாடும் ஓர் ஆபாசப் பாட்டை அடித்து வாசித்தார். தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல் அதைக் கேட்டு, டோரதி லபாஸ்ட்ரி என்ற இளம் பாடலாசிரியையை வைத்து வரிகளைச் சுத்தம் செய்யவைத்தார். மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தில் பதிவானது 'டூட்டி ஃப்ரூட்டி'. கட்டுமானம் பன்னிரண்டு பார் ப்ளூஸ், ஒரு பிசகும் இல்லை. குரல் காஸ்பெல். கண்ட்ரிக்கு இங்கே வேலையே இல்லை.

தாளத்தில்தான் விசேஷம். ரிச்சர்டின் வலது கை பியானோவின் மேல் கட்டைகளில் 'தக தக தக தக' என்று எண்ணிக்கைக்கு இரண்டு சம அடியாக விடாமல் அடிக்கிறது. டிரம்ஸில் இருந்த ஏர்ல் பால்மர் ஜாஸிலும் ஷஃபிளிலும் ஊறியவர், 'த…ட த…ட' அவருக்கு மூச்சு மாதிரி. இரண்டும் ஒரே நேரத்தில் போனால் என்ன ஆகும்? எண்ணிக்கையின் முதல் அடி சேர்ந்து விழும். இரண்டாவது அடி பியானோவில் சரியாக நடுவில் விழும், ஷஃபிளிலோ மூன்றில் இரண்டு பங்கு தள்ளி விழும். பாட்டு நெடுக இரண்டும் உரசிக்கொண்டே இருக்கும். அந்தப் பியானோவுக்கு எதிராக ஷஃபிளை இழுத்துக்கொண்டு ஓட முடியாது என்பதால்தான் நேர் அடிக்கு மாறினேன் என்று பால்மரே பிற்பாடு விளக்கியிருக்கிறார். 'டூட்டி ஃப்ரூட்டி'யில் அந்த மாற்றம் பாதி வழியில் நிற்கிறது, டிரம்ஸில் துள்ளல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1957ல் வெளியான 'லூசில்'லுக்கு வரும்போது எல்லா வாத்தியமும் நேர் அடியில் வந்து நின்றுவிட்டன.

சுருக்கமாக: காஸ்பெல் குரலைக் கொடுத்தது. திஸ்ரத்தில் துள்ளிய நடை, பியானோவின் பிடிவாதத்தால் சதுஸ்ரத்துக்கு நேராகியது. பின்னால் வந்த ராக் இசையின் தாளம் பெரும்பாலும் இந்த நேர் அடிதான். என் கணிப்பில், 'முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு எது' என்ற முடிவில்லாத சண்டையை விட இந்த மாற்றம் எங்கே நடந்தது என்று கேட்பது பயனுள்ளது. அந்தச் சண்டையில் வழக்கமாக வரும் 'ராக்கெட் 88' (1951) துள்ளும் ரிதம் அண்ட் ப்ளூஸ், அதில் கண்ட்ரி கிடையாது. 'ராக் அரவுண்ட் த கிளாக்' பாடிய பில் ஹேலியின் குழு கண்ட்ரி குழுவாகத் தொடங்கியது, தயாரித்த மில்ட் கேப்லர் லூயி ஜோர்டனின் தட்டுகளைத் தயாரித்தவர், ஆனால் குரலில் காஸ்பெல் துளியும் இல்லை.

## அங்கம் குறைந்தால் எப்படித் தெரியும்

அன்றைய வழக்கப்படி, கறுப்பினக் கலைஞரின் பாட்டு விற்கத் தொடங்கியதும் ஒரு வெள்ளைப் பாடகரை வைத்து அதையே அவசரமாகப் பதிவு செய்து பொது வானொலிக்கு அனுப்புவார்கள். 'டூட்டி ஃப்ரூட்டி'யைப் பேட் பூன் பாடினார். பொதுப் பட்டியலில் அவருடையது ரிச்சர்டின் மூலத்தை விட மேலே ஏறியது. இந்த அநியாயத்தில் நமக்கு ஒரு பாடப் பொருள் கிடைக்கிறது. பன்னிரண்டு பார் அப்படியே இருக்கிறது, சொற்களும் ஏறக்குறைய அப்படியே. குரலில் கரகரப்பு இல்லை, உடைவு இல்லை, உச்ச 'ஊ' இல்லை. பியானோவும் டிரம்ஸும் உரசவில்லை. கட்டுமானம் மட்டும் ராக் அண்ட் ரோல் ஆகாது என்பதைக் காதாலேயே தெரிந்துகொள்ளலாம்.

பணமும் இப்படித்தான் வழி மாறியது. 'மேபலீன்' தட்டில் பாட்டை எழுதியவர்கள் என்று பெர்ரியோடு இன்னும் இரண்டு பெயர்கள் சேர்ந்தன. அதில் ஒன்று வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃபிரீட். பாட்டை அடிக்கடி ஒலிபரப்ப அது ஒரு கைம்மாறு. ஆர்தர் கிரடப் தனக்குச் சேர வேண்டிய உரிமைத்தொகைக்காக வெகுகாலம் போராடி, அது முழுதாகக் கைக்கு வராமலே 1974ல் இறந்தார்.

## கேட்டுப் பழக

பட்டியல் நீளமாக வேண்டாம், ஜோடி ஜோடியாகக் கேளுங்கள். முதலில் கிரடப்பின் 'தட்ஸ் ஆல் ரைட்', பிறகு எல்விஸினுடையது. பாட்டை விட்டுவிட்டு டிரம்ஸ் இருந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அடுத்து மன்றோவின் 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி' முதல் பதிவு, பிறகு எல்விஸ், பிறகு மன்றோவின் 1954 பதிவு. விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டால் மூன்றாவதில் எண்ணிக்கை உங்கள் விரலை விட்டு நழுவும் இடம் பிடிபடும். கடைசியாக ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி'யும் 'லூசில்'லும். முதல் பாட்டில் 'தக தக' என்று சொல்லிக்கொண்டே டிரம்ஸோடு போக முயலுங்கள், அங்கங்கே இடறும். இரண்டாவதில் இடறாது.